நைட்ரஜன் ஏன் எலக்ட்ரானை வாங்குவதில்லை? "நிலையான அமைப்பு" என்ற பதிலில் விட்டுப்போனவை

பிளஸ் ஒன்னிலிருந்து முதல் செமஸ்டர் வரைக்கும் இந்தக் கேள்வி நம்மை விடாம துரத்தும்: "நைட்ரஜனின் எலக்ட்ரான் நாட்டம் ஏன் மிகக் குறைவு?" நாமும் விடாம ஒரே பதிலை எழுதுவோம்: "2p³ பாதி நிரம்பிய அமைப்பு, அதனால் நிலைப்புத்தன்மை அதிகம்." ரெண்டு மார்க் வந்துடும். அடுத்த கேள்வி: "நியானின் எலக்ட்ரான் நாட்டம் ஏன் பூஜ்ஜியத்துக்கும் கீழ்?" பதில்: "முழுவதும் நிரம்பிய அமைப்பு, அதனால் நிலைப்புத்தன்மை அதிகம்." அதுக்கும் ரெண்டு மார்க்.

இப்போ பாஸ்பரஸைப் பாருங்க. அதன் வெளிக்கூடு 3p³. அதுவும் பாதி நிரம்பியதுதான். ஆனா பாஸ்பரஸ் ஒரு எலக்ட்ரானை ஒழுங்கா வாங்கிக்கொள்கிறது, 0.75 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலையும் வெளியிடுகிறது. "பாதி நிரம்பினால் வாங்காது" என்பதுதான் காரணம் என்றால் பாஸ்பரஸும் வாங்கக் கூடாதே? அப்போ நம்ம பதிலில் ஏதோ விட்டுப்போயிருக்கு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் தேடப் போறோம். போற வழியில் இன்னொன்றும் தெரியவரும்: நைட்ரஜன் மறுப்பதற்கும் நியான் மறுப்பதற்கும் காரணம் ஒன்றல்ல.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி

எலக்ட்ரான் நாட்டம் என்றால், வாயு நிலையில் தனியா இருக்கும் ஒரு நடுநிலை அணு, ஒரு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளியாகும் ஆற்றல். இந்தக் கட்டுரை முழுக்க, ஆற்றல் வெளியானால் நேர்க்குறி என்று வைத்துக்கொள்வோம். "எலக்ட்ரான் ஏற்பு என்தால்பி" என்று போடும் புத்தகங்களில் குறி இதற்கு நேர்மாறா இருக்கும். அதைக் கவனிக்காம ரெண்டு அட்டவணைகளை ஒப்பிட்டால் குழப்பம் நிச்சயம்.

இதுல ஒரு விஷயம் விசித்திரம். அணு நடுநிலையானது. ஃபுளூரினில் 9 புரோட்டான், 9 எலக்ட்ரான். நிகர மின்சுமை பூஜ்ஜியம். அப்படியிருக்க, வெளியிலிருந்து வரும் ஒரு எலக்ட்ரானை அது ஏன் ஈர்க்கணும்?

வர்ற எலக்ட்ரான் வெளியிலேயே நிற்பதில்லை என்பதுதான் விடை. அது மற்ற 2s, 2p எலக்ட்ரான்கள் இருக்கும் அதே மேகத்துக்குள் நுழைகிறது. ஒரே கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று அணுக்கருவிடமிருந்து முழுசா மறைப்பதில்லை. ஒவ்வொன்றும் ஓரளவுக்குத்தான் மறைக்கும். அதனால உள்ளே நுழைந்த எலக்ட்ரானுக்கு அணுக்கருவின் இழுப்பில் ஒரு பகுதி கசிந்து கிடைக்கிறது. ஃபுளூரினில் அந்தக் கசிவு தாராளம், அதனாலதான் 3.40 எலக்ட்ரான் வோல்ட்.

ஆக, எலக்ட்ரான் நாட்டத்தைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இது: புது எலக்ட்ரான் எங்கே போய் உட்காருகிறது? அங்கே அதற்கு என்ன இழுப்பு, என்ன தள்ளல்? "அணுவுக்குப் பிடிக்குமா பிடிக்காதா" என்று கேட்பதை விட்டுடலாம்.

ஒரு கட்டம் தள்ளிப் பாருங்க

இரண்டாம் தொடரின் எண்களை எடுப்போம். பக்கத்திலேயே, அடுத்த தனிமத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றலையும் வைக்கிறேன். எல்லாம் எலக்ட்ரான் வோல்ட்டில். கிலோஜூல்/மோல் வேண்டுமென்றால் 96.5 ஆல் பெருக்குங்க.

| தனிமம் | எலக்ட்ரான் நாட்டம் | அடுத்த தனிமம் | அதன் அயனியாக்கும் ஆற்றல் |
|---|---|---|---|
| லித்தியம் | 0.62 | பெரிலியம் | 9.32 |
| பெரிலியம் | பிணைப்பு இல்லை | போரான் | 8.30 |
| போரான் | 0.28 | கார்பன் | 11.26 |
| கார்பன் | 1.26 | நைட்ரஜன் | 14.53 |
| நைட்ரஜன் | சுமார் −0.07 | ஆக்சிஜன் | 13.62 |
| ஆக்சிஜன் | 1.46 | ஃபுளூரின் | 17.42 |
| ஃபுளூரின் | 3.40 | நியான் | 21.56 |
| நியான் | பிணைப்பு இல்லை | சோடியம் | 5.14 |

ரெண்டு எண் வரிசைகளையும் மேலிருந்து கீழே படிங்க. ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறுது, ஒன்று இறங்கும்போது மற்றதும் இறங்குது. பெரிலியத்தில் ஒரு சரிவு, நைட்ரஜனில் ஒரு சரிவு, நியானில் ஒரு பெரும் சரிவு. அயனியாக்கும் ஆற்றலில் அதே சரிவுகள் ஒரு கட்டம் தள்ளி போரான், ஆக்சிஜன், சோடியம் என்று வருகின்றன.

இது தற்செயல் இல்லை. நைட்ரஜனின் எலக்ட்ரான் நாட்டம் என்பதைத் திருப்பிப் போட்டால், N⁻ அயனியிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல். N⁻ அயனியில் 8 எலக்ட்ரான்கள், அதாவது ஆக்சிஜன் அணுவின் அதே அமைப்பு. C⁻ என்பது நைட்ரஜனின் அமைப்பு. Ne⁻ என்று ஒன்று இருந்தால் அது சோடியத்தின் அமைப்பு. ஆகவே எலக்ட்ரான் நாட்டத்துக்கென்று தனியா ஒழுங்கின்மை எதுவும் இல்லை. அயனியாக்கும் ஆற்றலில் ஏற்கெனவே நமக்குத் தெரிந்த அதே மேடுபள்ளங்கள்தான், ஒரு இடம் இடதுபக்கம் நகர்ந்து வந்திருக்கின்றன.

ஒரே வித்தியாசம், அணுக்கருவில் ஒரு புரோட்டான் குறைவு. அதனால எண்கள் எல்லாமே மிகவும் சிறியவை. இந்தச் சின்ன வித்தியாசம்தான் நைட்ரஜனின் கதையை முடிவு செய்கிறது.

நைட்ரஜன்: கையிருப்பும் செலவும்

2p-யில் மூன்று ஆர்பிட்டால்கள். ஹாஸ்டலில் மூன்று அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்க. கார்பனில் ரெண்டு அறையில் ஆள் இருக்கு, மூன்றாவது காலி. வர்ற எலக்ட்ரானுக்குத் தனி அறை கிடைக்கிறது. நைட்ரஜனில் மூன்று அறையிலும் ஆள் இருக்கு. நான்காவதா வர்றவர் யாராவது ஒருத்தரோட அறையைப் பகிர்ந்துதான் ஆகணும்.

பகிர்வதால் ரெண்டு விதமான இழப்பு. ஒன்று, ஒரே ஆர்பிட்டாலில் ரெண்டு எலக்ட்ரான்கள் நெருங்கி இருப்பதால் மின்விலக்கம் கூடுது. மற்றொன்று, கொஞ்சம் நுணுக்கமானது. ஒரே திசைச் சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் பாலியின் தவிர்க்கைத் தத்துவத்தால் இயல்பாகவே ஒன்றையொன்று விலகி நடமாடும். அதனால அவற்றுக்கிடையே விலக்கம் குறைவு. இந்தச் சேமிப்பைத்தான் பரிமாற்ற ஆற்றல் என்கிறோம். ஒரே திசைச் சுழற்சி கொண்ட ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பங்கு சேமிப்பு.

எண்ணிப் பார்க்கலாம். புது எலக்ட்ரான் வந்ததும் 2p-யில் கூடுதலா எத்தனை ஜோடிகள் உருவாகும்? போரானில் 1, கார்பனில் 2. நைட்ரஜனில் 0, ஏன்னா வர்ற எலக்ட்ரான் எதிர்த்திசைச் சுழற்சியோடதான் உள்ளே வர முடியும், அதுக்கு அங்கே ஜோடி கிடையாது. ஆக்சிஜனில் 1, ஃபுளூரினில் 2. அதாவது 1, 2, 0, 1, 2. அட்டவணையில் கார்பனுக்கு அப்புறம் விழுந்து, ஆக்சிஜனில் மறுபடி ஏறத் தொடங்கும் வரிசை இதுதான்.

சரி, இந்த இழப்பு எவ்வளவு? எளிய ஒரு மதிப்பீடு செய்யலாம். போரானிலிருந்து கார்பனுக்கு வரும்போது நாட்டம் 0.28-லிருந்து 1.26 ஆகுது, அதாவது 0.98 ஏற்றம். அடுத்த எலக்ட்ரானுக்கும் தனி அறை கிடைத்திருந்தால் நைட்ரஜன் ஏறத்தாழ 1.26 + 0.98 = 2.24 இருந்திருக்கும். உண்மையில் இருப்பது −0.07. ஆக, அறை பகிர்வதற்கான செலவு சுமார் 2.3 எலக்ட்ரான் வோல்ட்.

இதே கணக்கை ஆக்சிஜனின் அயனியாக்கும் ஆற்றலுக்குப் போட்டால், எதிர்பார்ப்பு சுமார் 17.8, உண்மை 13.62. செலவு 4-க்கும் மேலே! நைட்ரஜனில் ஆனதைவிட அதிகம். ஆனா ஆக்சிஜனிடம் கையிருப்பு 17.8, அதுல 4 போனாலும் பாதிப்பு இல்லை. N⁻ அயனியிடம் கையிருப்பே 2.24. அதுல 2.3 செலவானா கணக்கு பூஜ்ஜியத்துக்கும் கீழே போயிடுது.

நைட்ரஜன் எலக்ட்ரானை வாங்காததன் காரணம் இதுதான். அது ஏதோ அசைக்க முடியாத உறுதியோடு நிற்கவில்லை. கார்பனை விட அதிக இழுப்பு அதனிடம் இருக்கு. ஆனா அந்த இழுப்பில் கிடைக்கும் லாபமும், இணை சேர்வதால் வரும் நஷ்டமும் கிட்டத்தட்ட சமம். மயிரிழையில் நஷ்டப் பக்கம் சாய்ந்துவிட்டது. −0.07 என்பது எவ்வளவு சிறியது என்று பாருங்க. கிலோஜூலில் சுமார் −7.

பாஸ்பரஸ் ஏன் தப்பித்தது?

இப்போ விட்ட இடத்துக்கு வருவோம். மூன்றாம் தொடரில் அலுமினியம் 0.43, சிலிக்கான் 1.39. ஏற்றம் 0.96. அப்படின்னா பாஸ்பரஸுக்கு எதிர்பார்ப்பு 2.35. உண்மை 0.75. செலவு 1.6.

கவனிச்சீங்களா? கையிருப்பு நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: 2.24, 2.35. வேறுபடுவது செலவு: ஒன்றுக்கு 2.3, மற்றதுக்கு 1.6. காரணம் அறையின் அளவு. நைட்ரஜனின் சகப்பிணைப்பு ஆரம் சுமார் 0.7 ஆங்ஸ்ட்ராம், பாஸ்பரஸுக்குச் சுமார் 1.1. 3p மேகம் பரந்து விரிந்தது. அதுல ரெண்டு பேர் தங்கினாலும் அவ்வளவு நெருக்கடி இல்லை. 2p மேகம் சின்னது. அங்கே ஒவ்வொரு கூடுதல் எலக்ட்ரானும் நெருக்கடிதான்.

ஆக, "பாதி நிரம்பிய அமைப்பு" என்பது சரிவு எந்த இடத்தில் வரும் என்று மட்டும்தான் சொல்லும். அந்தச் சரிவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகுமா என்பதை அணுவின் அளவு சொல்லும். பாஸ்பரஸிலும் சரிவு இருக்கு. சிலிக்கானை விடக் குறைவுதான். ஆனா மூழ்கும் அளவுக்கு இல்லை.

நியான்: இது வேற கதை

நியானில் மூன்று அறையிலும் ரெண்டு ரெண்டு பேர். பகிர்வதற்குக்கூட இடம் இல்லை. வர்ற எலக்ட்ரான் அடுத்த கூட்டில், 3s-இல்தான் நிற்கணும்.

நாம ஆரம்பத்தில் கேட்ட கேள்வி இங்கேதான் உதவுது. ஃபுளூரின் எலக்ட்ரானை ஈர்த்தது, ஏன்னா புதியவர் மேகத்துக்குள்ளே நுழைந்தார், இழுப்பின் கசிவு கிடைத்தது. நியானில் புதியவர் மேகத்துக்கு வெளியே நிற்கிறார். அங்கிருந்து பார்த்தால் உள்ளே 10 புரோட்டான், 10 எலக்ட்ரான். கழித்தால் பூஜ்ஜியம். பிடித்து வைக்க எதுவுமே இல்லை.

சோடியத்தோடு ஒப்பிட்டா இன்னும் தெளிவா புரியும். அங்கேயும் ஒரு 3s எலக்ட்ரான், உள்ளே அதே 10 எலக்ட்ரான்கள். ஆனா புரோட்டான் 11. மிச்சம் +1. அந்த ஒரு புரோட்டான் உபரிதான் 5.14 எலக்ட்ரான் வோல்ட்டைக் கொடுக்குது. அதை எடுத்துட்டா பிணைப்பே போயிடும்.

ஒரு சின்ன மிச்சம் இருக்கு. அருகே வரும் எலக்ட்ரான் அணுவின் மேகத்தைக் கொஞ்சம் தள்ளி, ஒரு இருமுனையைத் தூண்டும். அதனால சிறிய ஈர்ப்பு வரும். ஆனா நியானின் மேகம் இறுக்கமானது, எளிதில் உருக்குலையாது. அந்தச் சிறிய ஈர்ப்பு எலக்ட்ரானைக் கட்டி வைக்கப் போதாது. அளவில் பெரிய, எளிதில் உருக்குலையக்கூடிய செனானில்கூட அது போதவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்லேட்டர் விதிப்படி Ne⁻ அயனியின் 3s எலக்ட்ரானுக்குக் கணக்குப் போட்டால், 10 − (8 × 0.85 + 2 × 1) = 1.2 என்று விடை வரும். அதை நம்பினால் நியான் எலக்ட்ரானை நன்றாகவே பிடித்து வைக்கும் என்றாகிவிடும். தவறு விதியின் 0.85-இல் இருக்கு. முந்தைய கூட்டு எலக்ட்ரான்கள் 85 சதவீதம்தான் மறைக்கும் என்பது, வெளி எலக்ட்ரான் அவ்வப்போது உள்ளே ஊடுருவும் அணுக்களுக்குப் பொருந்தும் சராசரி. பிடிப்பே இல்லாமல் தொலைவில் திரியும் எலக்ட்ரானுக்கு மறைப்பு கிட்டத்தட்ட முழுமை. நடுநிலை அணுக்களுக்காகச் செய்த விதியை எதிரயனிக்கு நீட்டும்போது இப்படித்தான் கை சுடும்.

பெரிலியம் இந்த ரெண்டுக்கும் நடுவில். 2s நிரம்பிவிட்டது, புதியவர் 2p-க்குப் போகணும். அதே கூடுதான், ஆனா ஆற்றல் அதிகமான இடம். 4 புரோட்டானின் இழுப்பு அதுக்குப் போதவில்லை.

இந்த எண்களை எப்படி அளக்கிறாங்க?

ஆக்சிஜனை எடுத்துக்குவோம். O⁻ அயனிகளை உருவாக்கி, ஒரு கற்றையாக்கி, நிறைப்படி பிரித்து, அதன் மேல் லேசர் அடிப்பாங்க. 488 நானோமீட்டர் ஆர்கான் லேசரின் ஒரு ஃபோட்டான் 2.54 எலக்ட்ரான் வோல்ட். அது O⁻ அயனியிலிருந்து எலக்ட்ரானை உதைத்து வெளியேற்றும். வெளியே வந்த எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் சுமார் 1.08. கழித்தால் 1.46. அதுதான் ஆக்சிஜனின் எலக்ட்ரான் நாட்டம். அமெரிக்காவின் போல்டர் நகரில் கார்ல் லைன்பெர்கரின் குழு இந்த முறையில் பல தனிமங்களை அளந்தது.

இந்த முறைக்கு முதல் தேவை, எதிரயனி ஒரு கற்றையா பறக்கும் நேரமாவது உயிரோடு இருக்கணும். N⁻ அயனியின் அடிமட்ட நிலை கண நேரத்தில் எலக்ட்ரானை உதறிவிடும். Ne⁻ கதையும் அதேதான். அதனால இவற்றுக்கு இந்த வழியில் எண் கிடைக்காது. சில பாடப்புத்தகங்களில் நியானின் எலக்ட்ரான் ஏற்பு என்தால்பி +116 கிலோஜூல்/மோல் என்று பார்த்திருப்பீங்க. அது நேரடியா அளந்தது இல்லை, மதிப்பீடு. ஒரு அட்டவணையில் நைட்ரஜனுக்கு −7-உம் இன்னொன்றில் 0-வும் இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீங்க. எலக்ட்ரான் ஒட்டவே இல்லை என்றால், அணு ஒரு பக்கம், எலக்ட்ரான் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்பதுதான் மிகக் குறைந்த ஆற்றல் நிலை. அந்தப் பொருளில் 0 என்று எழுதுவதும் நியாயமே.

அப்போ நைட்ரைடு எப்படி?

"N⁻ அயனியே நிற்காது என்றால் N³⁻ எப்படி வந்தது? லித்தியம் நைட்ரைடு, Li₃N, படித்தோமே?" நியாயமான கேள்வி. லித்தியம் அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜன் வாயுவோடு வினைபுரியும். காற்றில் மெக்னீசியம் நாடாவை எரித்தாலும் ஆக்சைடோடு சேர்ந்து கொஞ்சம் Mg₃N₂ உருவாகும்; சாம்பலில் சில துளி தண்ணீர் விட்டால் அம்மோனியா வாடை காட்டிக்கொடுத்துடும்.

எலக்ட்ரான் நாட்டம் என்பது தனியா, வாயுவில் மிதக்கும் ஒற்றை அணுவின் பண்பு. படிகத்துக்குள் N³⁻ தனியா இல்லை. சுற்றிலும் Li⁺ அயனிகள். மூன்று எலக்ட்ரான்களைத் திணிக்க ஆகும் பெரும் செலவைப் படிகக்கூடு ஆற்றல் கட்டிவிடுகிறது. ஆகவே "நைட்ரஜன் எலக்ட்ரானை ஏற்காது" என்ற வாக்கியம் வாயு அணுவுக்கு மட்டும் சரி. சேர்மங்களுக்கு அதை நீட்டக் கூடாது.

அடுத்த முறை அந்த ரெண்டு மார்க் கேள்வி வந்தால் இப்படி எழுதிப் பாருங்க. நைட்ரஜனில் புது எலக்ட்ரான் ஏற்கெனவே ஆள் இருக்கும் சிறிய 2p ஆர்பிட்டாலில் இணை சேர வேண்டும். அந்த விலக்கம் அணுக்கருவின் ஈர்ப்பை ஏறக்குறைய சரிக்கட்டி விடுகிறது. நியானில் புது எலக்ட்ரான் புதிய கூட்டுக்குப் போக வேண்டும். அங்கே நிகர ஈர்ப்பே இல்லை.

சரியா பிடிபட்டதா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு: காலியம் 0.30, ஜெர்மானியம் 1.23, ஆர்சனிக் 0.80. ஆர்சனிக்கில் இணை சேரும் செலவு எவ்வளவு? நைட்ரஜனுக்கு 2.3, பாஸ்பரஸுக்கு 1.6 வந்தது. அணு பெருசாகும்போது மூன்றாவது எண் எந்தப் பக்கம் போகணும் என்று முதலில் ஊகிச்சிட்டு, அப்புறம் கணக்கைப் போடுங்க.